சான்று பெற்ற தங்கத்துக்குக் கூடுதல் விலை உண்டா? மூன்று வழிகளின் ஒப்பீட்டு அலசல்

ஒரு கிலோ தூய தங்கம் இரண்டு தீப்பெட்டி அளவுதான் இருக்கும். 52 கன சென்டிமீட்டர், சட்டைப் பைக்குள் அடங்கிவிடும். ஆயுதக் குழுக்களுக்குப் பணம் போகும் சுரங்கங்களின் தங்கத்தைத் தடுப்பது இவ்வளவு கடினமாக இருப்பதற்கு முதல் காரணம் இதுதான். தகரத் தாதுவை லாரியில்தான் ஏற்ற வேண்டும், மூட்டைக்கு முத்திரை போட்டுக் கண்காணிக்கலாம். தங்கத்துக்கு அந்த வித்தை பலிப்பதில்லை. ஒருமுறை உருக்கிச் சுத்திகரித்துவிட்டால் எந்த மண்ணிலிருந்து வந்தது என்பதே அழிந்துபோகும். அதனால் விதிகள் எல்லாம் உருக்கும் இடமான சுத்திகரிப்பு ஆலையைச் சுற்றியே எழுதப்பட்டுள்ளன.

இன்று பொறுப்பான தங்கம் வாங்க நினைப்பவர் முன் மூன்று வழிகள் இருக்கின்றன. லண்டன் தங்க, வெள்ளிச் சந்தைச் சங்கமான எல்பிஎம்ஏ ஏற்றுக்கொண்ட ஆலைகளின் பட்டியலில் உள்ள ஆலையின் தங்கம், மறுசுழற்சித் தங்கம், சிறு சுரங்கத் தொழிலாளர்களின் சங்கங்களுக்கு வழங்கப்படும் ஃபேர்மைன்ட் அல்லது ஃபேர்ட்ரேட் சான்று பெற்ற தங்கம். மூன்றையும் ‘சான்று பெற்றது’ என்று ஒரே சொல்லால் குறிப்பதால்தான், கூடுதல் விலை கிடைக்குமா என்ற கேள்விக்கு ஆளுக்கொரு பதில் வருகிறது.

முதல் வழியில் கூடுதல் விலை கிடையாது. எல்பிஎம்ஏ 2012 முதல் தன் பட்டியல் ஆலைகளுக்கு, பொருளாதார ஒத்துழைப்புக்கான நாடுகளின் அமைப்பான ஓஇசிடி வகுத்த ஐந்து படிகளைக் கட்டாயமாக்கியது: நிர்வாக முறையை அமைத்தல், இடர்களைக் கண்டறிதல், அவற்றுக்கு எதிர்வினை ஆற்றுதல், வெளியார் தணிக்கை, ஆண்டறிக்கை. இதை எல்லா ஆலைகளும் செய்தாக வேண்டும் என்பதால் இது நுழைவுச் சீட்டு மாதிரிதான், சீட்டு வைத்திருப்பதற்காக யாரும் அதிகம் தருவதில்லை. லண்டனில் பெரும்பாலான வர்த்தகம் குறிப்பிட்ட கட்டியைச் சுட்டாத பொதுக் கணக்கில்தான் நடக்கிறது. எந்தக் கட்டி என்றே தெரியாத இடத்தில் நல்ல கட்டிக்குத் தனி விலை எப்படி உருவாகும்?

ஆனால் சீட்டு பறிபோனால் விலை உடனே பேசும். 2022 மார்ச்சில் எல்பிஎம்ஏ ரஷ்யாவின் ஆறு ஆலைகளைப் பட்டியலிலிருந்து இடைநிறுத்தியது. அதற்கு முன் வார்த்த கட்டிகள் செல்லும், அதன் பின் வார்த்தவை லண்டனில் செல்லாது. உலோகம் அதேதான், தரம் அதேதான். ஆனால் வாங்குவோர் குறைந்துபோனால் விற்பவர்தான் தள்ளுபடி தந்து இறங்கி வர வேண்டும். ஆக, இங்கே சான்றின் மதிப்பு கழித்தலாகத்தான் தெரியும்: இருந்தால் பூஜ்ஜியம், இல்லாவிட்டால் நஷ்டம்.

இரண்டாவது வழியான மறுசுழற்சித் தங்கத்தை, கேட்க இனிமையாக இருப்பதாலேயே, பலர் பாதுகாப்பானது என்று நம்புகிறார்கள். சுரங்கமே இல்லை, சண்டையும் இல்லை என்பது வாதம். என் கணிப்பில் மூன்றில் அதிகம் கண்காணிக்க வேண்டியது இதுதான். சுரங்கத் தங்கம் என்று சொன்னால் எந்தச் சுரங்கம் என்று கேட்பார்கள். பழைய நகை என்று சொன்னால் கேள்வி அங்கேயே நின்றுவிடும். கடத்தல் தங்கத்துக்கு இதைவிட வசதியான பெயர் வேறில்லை.

சுத்திகரிப்பதற்கு முன் இதைக் கண்டுபிடிக்கக் கூடிய தடயம் கலப்பில் இருக்கிறது. பழைய நகை என்றால், நூற்றுக்கு எத்தனை பங்கு தூய தங்கம் என்று சொல்லும் டச் கணக்கு 75, 91.6 போன்ற வழக்கமான அளவுகளைச் சுற்றியே வரும். செம்பு, துத்தநாகம், பற்றவைத்த பொடியின் மிச்சம் எல்லாம் அதில் இருக்கும். பத்துக் கிலோ சரக்கு 94, 88, 96 என்று கட்டிக்குக் கட்டி டச் மாறி வந்து, மிச்சம் முழுக்க வெள்ளியாகவும் துத்தநாகம் இல்லாமலும் இருந்தால், அது நகையாக இருந்ததே இல்லை என்று சந்தேகிக்க இடமுண்டு. பூமியில் தங்கம் வெள்ளியோடு கலந்தே கிடக்கும். அனுப்பும் நாட்டில் அவ்வளவு பழைய நகை புழங்குகிறதா என்பது அடுத்த கேள்வி. ஆயிரத்தில் 999.9 பங்கு தூய்மையாகச் சுத்திகரித்த பிறகு இந்தத் தடயம் மறைந்துவிடும், வாங்குபவருக்குக் காகிதம் மட்டுமே மிஞ்சும். 2013இல் துபாய் ஆலை ஒன்றின் தணிக்கையில், மொராக்கோவிலிருந்து வெள்ளி முலாம் பூசி வெள்ளி போலக் காட்டிய தங்கக் கட்டிகள் வந்தது தெரியவந்தது. அதை வெளியே சொன்ன தணிக்கையாளர் அம்ஜத் ரிஹானுக்கு நஷ்ட ஈடு தரச் சொல்லி 2020இல் லண்டன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முலாமைச் சுரண்டிப் பார்க்கும் ஆள் இல்லாத இடத்தில் எந்தச் சான்றும் காகிதம்தான்.

கூடுதல் விலை எழுதி வைக்கப்பட்டிருப்பது மூன்றாவது வழியில் மட்டுமே. ஒரு கிலோ தூய தங்கத்துக்கு ஃபேர்ட்ரேட் 2,000 டாலர், ஃபேர்மைன்ட் 4,000 டாலர். பாதரசமும் சயனைடும் தொடாத ஃபேர்மைன்ட் வகைக்கு 6,000 டாலர். குறைந்தபட்ச விலை லண்டன் விலையில் 95 சதவீதம். கணக்குச் சுலபமாக இருக்க, தூய தங்கம் கிலோ 1,00,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சங்கம் 90 டச் கட்டி ஒரு கிலோ கொண்டுவருகிறது. உள்ளே தூய தங்கம் 900 கிராம், மதிப்பு 90,000 டாலர். 95 சதவீதம் என்றால் 85,500. கூடுதல் விலையான ஃபேர்மைன்ட் பிரீமியம் 3,600. மொத்தம் 89,100 டாலர்.

உள்ளூர் வியாபாரி 98 சதவீதம் தந்தால் 88,200. வித்தியாசம் வெறும் 900 டாலர். அவர் அன்று மாலையே ரொக்கம் தருகிறார், தணிக்கை கேட்பதில்லை. சான்று வழியில் பிரீமியம் தனி ஆளின் கைக்குப் போகாது, சங்கத்துக்குப் போகும். தங்கத்தை வைத்துப் பணத்தை எல்லை தாண்டி நகர்த்துபவர்கள் லண்டன் விலையை ஒட்டியோ, சில சமயம் அதற்கு மேலேயோகூடக் கொடுப்பார்கள், லாபம் அவர்களுக்கு வேறு இடத்தில் இருப்பதால். சான்று பெற்ற சங்கத்தின் தங்கமும் சான்று வழியிலும் உள்ளூர் வியாபாரி வழியிலும் பிரிந்து போவதற்குக் காரணம் இதுதான். லேபிளோடு வாங்க ஆள் வந்த அளவுக்கு மட்டுமே பிரீமியம் கிடைக்கும்.

இதில் இன்னொரு கண்ணியும் உண்டு. பிரீமியம் டாலரில் நிலையாக நிற்கிறது, தங்கம் ஏறிக்கொண்டே போகிறது. கிலோ 40,000 டாலராக இருந்தபோது 4,000 என்பது பத்து சதவீதம். 1,00,000 ஆனபோது அது நான்காகச் சுருங்கிவிட்டது. சுரங்கத்துக்காரருக்கு இருந்த ஈர்ப்பு அதே வேகத்தில் குறைகிறது.

வாங்குபவர் பக்கம் பார்த்தால், நான்கு கிராம் 18 காரட் மோதிரத்தில் மூன்று கிராம் தூய தங்கம். ஃபேர்மைன்ட் பிரீமியம் 12 டாலர்தான். கடையில் கேட்கும் கூடுதல் தொகை அதைவிட அதிகமாக இருப்பது ஏன்? சிறு சரக்கைத் தனியாகச் சுத்திகரிக்க வேண்டும், தனி மூசையில் உருக்க வேண்டும். வார்ப்பில் தங்கத்தின் கணிசமான பங்கு, அச்சுக்குள் தங்கம் ஓடும் வழியில் உறையும் காம்பாகத் திரும்பி வரும், அரத்தூள் வேறு. அந்தத் துண்டுகளை சாதாரணத் தங்கத் துண்டுகளோடு ஒரே டப்பாவில் போட்டால் லேபிள் அங்கேயே செத்துவிடும். செலவில் பெரும்பகுதி இந்தத் தனிப்படுத்தலுக்குத்தான் போகிறது, சுரங்கத்துக்கு அல்ல.

பெரிய அளவில் வாங்கும் உற்பத்தியாளர் முதல் வழியில் போகலாம், கூடுதல் விலையை எதிர்பார்க்காமல். மோதிரத்தின் பூர்வீகத்தைச் சொல்லி விற்பவருக்கு மூன்றாவது. மறுசுழற்சி வாங்குபவர் விலைப்பட்டியலோடு மூன்று விவரங்களை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்: பழைய தங்கம் எந்த நாட்டில் எந்த வடிவில் சேர்ந்தது, ஆலைக்கு வந்தபோது அதன் டச் அறிக்கை, அந்த ஆலையின் கடைசித் தணிக்கைத் தேதி. இரண்டாவது அறிக்கையைத் தர மறுப்பவரிடம் ‘மறுசுழற்சி’ என்ற சொல்லுக்கு ஒரு டாலர்கூட அதிகம் தர வேண்டியதில்லை.