ஒரே பெரிய ரெஜிஸ்டரா, பிரித்து வைத்த அட்டவணைகளா?

ரிலேஷனல் டேட்டாபேஸ் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது பள்ளி ரெஜிஸ்டரைத்தான். ஒரு மாணவருக்கு ஒரு வரி, ஒரு விவரத்துக்கு ஒரு நெடுவரிசை. இதுவரை யாருக்கும் சந்தேகம் வராது. குழப்பமெல்லாம் அடுத்த கேள்வியில்தான் தொடங்கும்: எல்லாவற்றையும் ஒரே ஷீட்டில் போட்டால் என்ன, எதற்கு நான்கைந்து அட்டவணைகளாக உடைக்க வேண்டும்? நியாயமான கேள்விதான், ஏனென்றால் சில வேலைகளுக்கு ஒரே ஷீட் போதும். அதனால் மூன்று வழிகளையும் ஒரே வகுப்பை வைத்துப் பார்த்துவிடலாம். 40 மாணவர்கள், 5 பாடங்கள், ஆண்டுக்கு 3 தேர்வுகள்.

முதல் வழி, அகலமான ஷீட். சேர்க்கை எண், பெயர், வகுப்பு, பெற்றோர் தொலைபேசி, அதற்குப் பக்கத்தில் 15 மதிப்பெண் நெடுவரிசைகள். மொத்தம் 40 வரி. கண்ணுக்கு அழகு, அச்சடிக்க வசதி, யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் நடுவில் ஒரு தேர்வு கூடினால் ஐந்து நெடுவரிசைகள் புதிதாக முளைக்கும். அந்த ஷீட்டை நம்பி எழுதிய ஒவ்வொரு கணக்கையும் திருத்த வேண்டும். விடுப்பு நாட்களைக் குறிக்க வேண்டும் என்றால் இன்னும் மோசம். விடுப்பு1, விடுப்பு2, விடுப்பு3 என்று எத்தனை நெடுவரிசை போடுவீர்கள்? ஒரு பையன் பதினெட்டு நாள் வரவில்லை என்றால்? காலிக் கட்டமும் பேசாது. அது தேர்வுக்கு வராததையும் குறிக்கலாம், அந்தப் பாடத்தையே எடுக்காததையும் குறிக்கலாம், ஆசிரியர் இன்னும் பதிவே செய்யாததையும் குறிக்கலாம்.

இரண்டாம் வழி, நீளமான ஷீட். ஒரு மதிப்பெண்ணுக்கு ஒரு வரி, அதாவது 40 × 15 = 600 வரி. தேர்வு கூடினால் வரிதான் கூடும், நெடுவரிசை கூடாது. நல்லதுதான், ஆனால் ஒவ்வொரு வரியிலும் பெயரும் வகுப்பும் தொலைபேசி எண்ணும் திரும்பத் திரும்ப வரும். ஒரு பெற்றோரின் எண் 15 இடத்தில். எண் மாறியது என்று வைத்துக்கொள்ளுங்கள், தேடி மாற்றுகிறோம், ஒரு வரியில் மட்டும் யாரோ எண்ணுக்கு நடுவே இடைவெளி விட்டுத் தட்டியிருக்கிறார், அது தேடலில் சிக்காது. இப்போது ஒரே குழந்தைக்கு இரண்டு எண்கள், எது சரி என்று ஷீட்டைப் பார்த்துச் சொல்லவே முடியாது. இப்படி உடைந்திருக்கிறதா என்று பார்க்க, டேட்டாபேஸிடம் பேசும் SQL மொழியில் ஒரு கேள்வி போதும்:

```sql
SELECT adm_no
FROM register
GROUP BY adm_no
HAVING COUNT(DISTINCT phone) > 1;
```

பழைய நீள ஷீட் ஏதாவது கைக்கு வந்தால் நான் முதலில் ஓட்டிப் பார்ப்பது இதைத்தான். பதிலில் ஒரு வரி வந்தாலும் அந்த ஷீட்டில் முரண் இருக்கிறது.

இதே ஷீட்டில் இன்னும் இரண்டு இடைஞ்சல் உண்டு. நேற்று சேர்ந்த மாணவி இன்னும் எந்தத் தேர்வும் எழுதவில்லை. மதிப்பெண் இல்லாமல் அவருக்கு வரியே கிடையாது, போலியாக ஒரு காலி வரி போட வேண்டும். அப்புறம், இசைப் பாடத்தை ஒரே ஒரு மாணவர் எடுத்திருக்கிறார் என்றால், அவர் பள்ளியை விட்டுப் போய் நாம் அவருடைய வரிகளை அழிக்கும்போது இசை என்று ஒரு பாடம் இருந்ததும் அதை நடத்துபவர் யார் என்பதும் சேர்ந்தே அழிந்துபோகும்.

மூன்றாம் வழிதான் ரிலேஷனல். மாணவர்களுக்கு ஒரு அட்டவணை, 40 வரி. பாடங்களுக்கு ஒன்று, 5 வரி. மதிப்பெண்களுக்கு ஒன்று, அதே 600 வரி. ஆனால் இந்த 600 வரியில் பெயரும் கிடையாது, தொலைபேசியும் கிடையாது. சேர்க்கை எண், பாடக் குறியீடு, தேர்வு எண், மதிப்பெண், அவ்வளவுதான். தொலைபேசி எண் மாணவர் அட்டவணையில் ஒரே ஒரு கட்டத்தில் இருக்கிறது, மாறினால் அந்த ஒரு கட்டத்தை மாற்றினால் வேலை முடிந்தது.

சேர்க்கை எண்தான் இங்கே பிரைமரி கீ, அதாவது ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்டும் அடையாளம். பெயரை வைக்க முடியாது, ஒரே பெயரில் இருவர் இருப்பார்கள். வகுப்பு வரிசை எண்ணும் உதவாது, அது ஆண்டுக்கு ஆண்டு மாறும். மதிப்பெண் அட்டவணையில் இருக்கும் சேர்க்கை எண் ஃபாரின் கீ: அங்கே எழுதும் எண் மாணவர் அட்டவணையில் உண்மையிலேயே இருந்தாக வேண்டும், இல்லையென்றால் டேட்டாபேஸ் அந்த வரியை ஏற்காது. 1042 என்பதை 1402 என்று தட்டிவிட்டால், அப்படி ஒரு மாணவர் இல்லாதபட்சத்தில், அங்கேயே பிழை காட்டி நிறுத்தும். ஷீட் எதையும் வாங்கிக்கொள்ளும்.

இடையில் ஒன்று. ரிலேஷனல் என்ற பெயர் அட்டவணைகளுக்கு நடுவே இருக்கும் உறவைச் சொல்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள், நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தேன். 1970இல் ஐபிஎம்மில் இருந்த எட்கர் காட் இந்த முறையை முன்வைத்தபோது ரிலேஷன் என்ற சொல்லைக் கணிதத்திலிருந்து எடுத்தார். அவருடைய முறையில் அது அட்டவணையையே குறிக்கும்.

சரி, பிரித்ததற்கு விலை இல்லையா? உண்டு. ரிப்போர்ட் கார்டு வேண்டுமென்றால் பிரித்ததை மறுபடி சேர்க்க வேண்டும், அதுதான் ஜாயின்.

```sql
SELECT s.name, SUM(m.mark) AS total
FROM student s
JOIN mark m ON m.adm_no = s.adm_no
GROUP BY s.adm_no, s.name;
```

இது சரியாகவே வரும். நான் மாட்டிக்கொண்டது அடுத்த படியில். ஒரு பள்ளிக்காகக் கார்டு தயாரிக்கும்போது, விடுப்பு நாட்களும் அதே கார்டில் வேண்டும் என்றார்கள். விடுப்பு அட்டவணையையும் அதே கேள்வியில் ஜாயின் செய்தேன். ஒரு மாணவிக்கு மொத்தம் 3240 என்று வந்தது. 15 தேர்வு, தலா 100, ஆக 1500க்கு மேல் போகவே முடியாது! காரணம் எளிது. அவருக்கு மதிப்பெண் வரிகள் 15, விடுப்பு வரிகள் 3. இரண்டு அட்டவணைகளுக்கும் மாணவியைத் தவிர வேறு தொடர்பு இல்லை, அதனால் ஒவ்வொரு மதிப்பெண் வரியும் ஒவ்வொரு விடுப்பு வரியோடும் சேர்ந்து 45 வரிகள் ஆகிவிட்டன. 1080 என்ற உண்மையான கூட்டுத்தொகை மூன்று மடங்கானது.

இதில் சிக்கல் 3240 இல்லை, அது கண்ணில் பட்டுவிடும். ஒரே ஒரு நாள் விடுப்பு எடுத்தவருக்குக் கூட்டுத்தொகை சரியாகவே வரும், சோதித்துப் பார்க்க அவரை எடுத்தால் எல்லாம் சரி என்று தோன்றும். இரண்டு நாள் வராமல் 600 எடுத்தவருக்கு 1200 என்று வரும், 1500க்குள் இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது, அவர் பாட்டுக்கு முதல் வரிசைக்குப் போய்விடுவார். ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காதவர் பட்டியலிலேயே இருக்க மாட்டார், ஏனென்றால் சாதாரண ஜாயின் இரண்டு பக்கமும் பொருந்தும் வரிகளை மட்டுமே தரும். தவறாமல் பள்ளிக்கு வந்தவருக்குத்தான் கார்டு இல்லை. மதிப்பெண்ணைத் தனியாகக் கூட்டி, விடுப்பைத் தனியாக எண்ணி, மாணவருக்கு ஒரு வரி என்று ஆன பிறகே, பொருந்தும் வரி இல்லாத மாணவரையும் விட்டுவிடாத `LEFT JOIN` கொண்டு சேர்ப்பதுதான் இதற்கு வழி. அகல ஷீட்டில் இந்தத் தவறைச் செய்யவே முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும், அந்தப் பக்கத்துக்கு இது ஒரு நியாயமான மதிப்பெண்.

பிரிக்கும்போது எல்லோரும் தடுக்கி விழும் இடம் இன்னொன்று இருக்கிறது, எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. வகுப்பு என்ற விவரத்தை எங்கே வைப்பது? மாணவர் அட்டவணையில் என்று கை தானாகப் போகும், ஒருவருக்கு ஒரு வகுப்புதானே. ஆண்டு முடிந்து 8 என்பதை 9 ஆக்குகிறோம். அடுத்த மாதம் ஒருவர் போன ஆண்டுக் கார்டின் நகல் கேட்கிறார். கார்டு வருகிறது, மதிப்பெண்கள் எட்டாம் வகுப்பினுடையவை, மேலே மட்டும் வகுப்பு 9 என்று இருக்கிறது. நீள ஷீட்டில் இந்தப் பிழை வந்திருக்காது. ஒவ்வொரு மதிப்பெண் வரியிலும் அன்றைய வகுப்பு எழுதியிருந்திருக்கும்.

ஆக, திரும்பத் திரும்ப வருவதெல்லாம் வீண் இல்லை. தொலைபேசி எண் இன்று எது என்பது ஒரே தகவல், அதை 15 இடத்தில் எழுதினால் நகல். ஆனால் போன ஆண்டு எட்டில் படித்தார், இந்த ஆண்டு ஒன்பதில் படிக்கிறார் என்பவை இரண்டு தனித்தனித் தகவல்கள், இரண்டும் என்றைக்கும் உண்மை. இதற்குச் சேர்க்கை எண், கல்வியாண்டு, வகுப்பு என்று மூன்று நெடுவரிசையில் இன்னொரு அட்டவணை வேண்டும், முதல் இரண்டும் சேர்ந்துதான் அதன் பிரைமரி கீ. மதிப்பெண் அட்டவணையிலும் கல்வியாண்டு வந்துவிட வேண்டும், இல்லையென்றால் போன ஆண்டின் முதல் தேர்வும் இந்த ஆண்டின் முதல் தேர்வும் ஒன்றோடொன்று மோதும். ஒரு விவரத்தைப் பிரிக்கும் முன் நான் கேட்டுக்கொள்வது இதைத்தான்: இது மாறும்போது பழையது பொய்யாகிறதா, அல்லது பழையதும் உண்மையாகவே இருக்கிறதா?

எதை எடுப்பது என்றால், ஒரு முறை அச்சடித்து முடிக்கும் பட்டியல், ஒரே ஆள்தான் தொடுவார் என்றால் அகல ஷீட்டே போதும், டேட்டாபேஸ் போட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். வேறெங்கோ இருப்பதை எடுத்து வரைபடம் போடவோ கூட்டிப் பார்க்கவோ நீள ஷீட் நல்ல வடிவம், ஆனால் மூலத் தகவலை அதில் வைத்துத் திருத்திக்கொண்டே இருப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பலர் பதிவு செய்கிறார்கள், ஆண்டுகள் தாண்டி ஓட வேண்டும் என்றால் பிரித்த அட்டவணைகள்தான்.

எஸ்கியூலைட் என்ற சிறிய டேட்டாபேஸில் தொடங்குபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அதில் ஃபாரின் கீ சோதனை வழக்கமாக அணைந்தே இருக்கும். அட்டவணையில் அழகாக எழுதி வைத்திருப்பீர்கள், ஆனாலும் 1402 சத்தமில்லாமல் உள்ளே போகும். ஒவ்வொரு முறை இணைக்கும்போதும் இதைக் கொடுக்க வேண்டும்:

```sql
PRAGMA foreign_keys = ON;
```

கொடுத்த பிறகு, இல்லாத ஒரு சேர்க்கை எண்ணை வேண்டுமென்றே மதிப்பெண் அட்டவணையில் போட்டுப் பாருங்கள். `FOREIGN KEY constraint failed` என்று வந்தால் காவல் வேலை செய்கிறது.