அக்கவுன்ட்ஸ் ரெஸ்யூமின் மேல் நாலு வரி: எந்த முறை எடுபடும்?

ஒரு துணி மொத்த வியாபாரக் கம்பெனியில் நாலு வருடமாக அக்கவுன்ட்ஸ் அசிஸ்டென்டாக இருப்பவரின் ரெஸ்யூம் என்று வைத்துக்கொள்வோம். டேலியில் பர்சேஸ் என்ட்ரி, பேங்க் ரீகன்சிலியேஷன், ஜிஎஸ்டி ரிட்டர்னுக்கு டேட்டா தயாரித்தல், பாக்கி வசூலுக்குப் பார்ட்டிகளிடம் பேசுதல். எல்லாம் உண்மை, ஆனால் அந்த வேலைக்கு வரும் மற்ற ரெஸ்யூம்களிலும் இதேதான் இருக்கும். இதைச் சுருக்கி மேலே நாலு வரியாக வைக்க மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன.

முதல் வழி, இருக்கும் பட்டியலையே ஒரு பத்தியாக்கி, முன்னால் ‘கடின உழைப்பாளி, பொறுப்பானவர்’ என்று சேர்ப்பது. ரொம்ப சுலபம், தப்பாகவும் போகாது. ஆனால் வேலைக்கு எடுப்பவருக்குப் புதிதாக ஒன்றும் தெரிய வராது.

இரண்டாவது, எல்லா வரியிலும் சதவீதம் ஒட்டுவது. ‘ஜிஎஸ்டி பிழைகளை 76% குறைத்தேன், வசூலை 40% உயர்த்தினேன்’ மாதிரி. பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் இன்டர்வியூவில் ‘எதிலிருந்து 76?’ என்று ஒரே ஒரு கேள்வி வந்தால் பல பேருக்கு அங்கேயே பேச்சு நின்றுவிடும். நாலு பிழை ஒன்றாகக் குறைந்தாலும் 75% தான், நானூறு நூறானாலும் 75% தான்.

மூன்றாவதுதான் என் தேர்வு. பட்டியலில் ஒரே ஒரு வேலையை எடுத்து, அதன் அளவு, முன்பு எப்படி இருந்தது, நீங்கள் எதை மாற்றினீர்கள், இப்போது எப்படி இருக்கிறது என்று எழுதுவது. கொஞ்சம் வேலை வாங்கும் முறை.

எந்த வேலையை எடுப்பது? நம் அசிஸ்டென்டுக்கு ஜிஎஸ்டி பக்கம் நல்ல சரக்கு இருக்கிறது. மாதா மாதம் ரிட்டர்ன் போடும் சப்ளையர் 11-ம் தேதிக்குள் தன் GSTR-1-இல் பில்லை ஏற்றாவிட்டால், 14-ம் தேதி நமக்கு வரும் GSTR-2B-இல் அது இருக்காது. 2B-இல் இல்லாத பில்லுக்கு அந்த மாதம் இன்புட் டாக்ஸ் கிரெடிட் எடுக்க முடியாது, 20-ம் தேதி GSTR-3B போடும்போது அந்தத் தொகையைக் கையிலிருந்து கட்ட வேண்டியதுதான். பல ஆபீஸ்களில் 2B வந்த பிறகுதான் தேட ஆரம்பிப்பார்கள், அப்போது போன் செய்தும் பயனில்லை, அந்தக் கிரெடிட் அடுத்த மாதத்துக்குப் போய்விட்டது. இவர் செய்த மாற்றம் சின்னதுதான்: அடிக்கடி பில் ஏற்றத் தவறும் சப்ளையர்களைத் தனியாகக் குறித்து வைத்து, 7-ம் தேதி வாக்கிலேயே அவரவர் பில் எண்களை அனுப்பி ஞாபகப்படுத்தினார்.

இப்போது எண்ணுக்கு எங்கே போவது? மாதா மாதம் செய்த ரீகன்சிலியேஷன் எக்செல் ஷீட்டிலேயே இருக்கிறது. பழைய ஆறு மாதத்தையும் புதிய ஆறு மாதத்தையும் எடுத்து, 2B-இல் வராத பில்களை எண்ணினால் போதும். கிடைப்பது மாதம் 25-லிருந்து 6 என்று வைத்துக்கொண்டால், சுருக்கம் இப்படி வரும்:

> நாலு வருட அனுபவமுள்ள அக்கவுன்ட்ஸ் அசிஸ்டென்ட். மாதம் சுமார் 300 பர்சேஸ் பில்களை டேலியில் பதிந்து GSTR-2B உடன் சரிபார்க்கிறேன். சப்ளையர்களுக்கு 11-ம் தேதிக்கு முன்பே பில் பட்டியல் அனுப்பும் முறையைத் தொடங்கியதில், 2B-இல் வராத பில்கள் மாதம் 25-லிருந்து 6 ஆகக் குறைந்தன. ரிட்டர்ன் தாக்கல் ஆடிட்டர் வழியாக.

கடைசி வரியைப் பலர் வெட்டச் சொல்வார்கள், நான் வைத்துக்கொள்வேன். தாக்கல் செய்தது ஆடிட்டர் என்றால் ‘ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கல் செய்தேன்’ என்பது இரண்டாவது கேள்வியிலேயே வெளுத்துவிடும், அதற்கப்புறம் அந்த 25, 6 கணக்கையும் யாரும் நம்ப மாட்டார்கள். அதேபோல சப்ளையர் பெயர், கம்பெனி டர்ன்ஓவர் எதுவும் உள்ளே வரக்கூடாது, பில் எண்ணிக்கை போதும்.

பழைய ஷீட் கையில் இல்லை என்றால்? எண்ணைக் கற்பனை செய்யாதீர்கள். ‘முன்பு 2B வந்த பிறகு தேடினோம், இப்போது 11-க்கு முன்பே கேட்கிறோம்’ என்று முன்-பின் மாற்றத்தை மட்டும் எழுதினாலும், குத்துமதிப்பான சதவீதத்தைவிட அது நன்றாக நிற்கும்.

சரி, முதல் வழிக்கு இடமே இல்லையா என்றால், இருக்கிறது. வேலைத் தளங்களில் ரெக்ரூட்டர்கள் ‘டேலி’, ‘ஜிஎஸ்டி’ என்று வார்த்தை போட்டுத்தான் தேடுகிறார்கள், அதனால் பழைய பட்டியலைச் சுருக்கத்துக்குக் கீழே, அந்த வேலையின் பெயருக்கு அடியில் அப்படியே விட்டுவிடலாம். புதிதாகப் படிப்பு முடித்தவருக்கும், ஆறு மாதம்கூட ஆகாதவருக்கும் முன்-பின் சொல்ல ஒன்றும் இருக்காது, அவர்கள் பட்டியலோடு மாதத்துக்கு எத்தனை பில் பதிந்தார்கள் என்ற அளவை மட்டும் சேர்த்தால் போதும்.