காத்தோ பிமாவா, அலூடாவா?

மொரீஷியஸில் மாஹேபூர் மாதிரி சின்ன ஊரின் தெருமுனையில் கடை போட இரண்டு யோசனைகள். உணவு கையாள்பவர் சான்றிதழ் இரண்டுக்குமே வேண்டும்.

அலூடா குளிர்ந்த பால் பானம். அதற்குப் பாலும் பனிக்கட்டியும் தினமும் வாங்க வேண்டும். மழை பிடித்தால் கலந்த பால் அத்தனையும் நஷ்டம். டிசம்பர் வெயிலில் பறக்கும், ஜூலைக் குளிரில் தேங்கும்.

காத்தோ பிமா நம் பருப்பு வடைதான். ரொட்டிக்குள் வைத்து ஆண்டு முழுக்கக் காலையில் சாப்பிடுவார்கள். காய்ந்த பருப்பு மாதக்கணக்கில் கெடாது. அரைத்த மாவில்தான் கவனம்: நுரை கட்டிப் புளிப்பு வாடை அடித்தால் கொட்டிவிடுங்கள். வெங்காயத்தை முன்பே கலந்தால் நீர் விட்டு, வடை எண்ணெயில் உதிரும். அதனால் 2 கிலோ பருப்பை ஊறவைத்தாலும் பாதியை மட்டும் முதலில் அரைத்து, பொரிக்கும்போது வெங்காயம் சேர்க்கலாம்.

நானாக இருந்தால் வடையில் தொடங்கி, நவம்பரில் அலூடாவையும் சேர்ப்பேன்.