கொழுப்புச் சவ்வைக் கடப்பவை, கடக்காதவை: ஆக்சிஜனும் எத்தனாலும் ஒரு பக்கம், சோடியமும் குளுக்கோஸும் மறுபக்கம்

சோடியம் அயனியின் நிறை 23. ஆக்சிஜன் மூலக்கூறின் நிறை 32. எத்தனாலுக்கு 46, குளுக்கோஸுக்கு 180. சிறியது புகும், பெரியது நிற்கும் என்று மட்டும் வைத்துக்கொண்டால், செல் சவ்வை முதலில் கடக்க வேண்டியது சோடியம்தான். ஆனால் வரிசையில் கடைசியில் நிற்பதும் அதுதான். குளுக்கோஸ்கூட அதைவிட வேகமாகக் கசியும். ஆக, அளவைப் பிறகு பார்ப்போம். முதலில் கேட்க வேண்டியது, தண்ணீரை விட்டு வர அந்தப் பொருளுக்கு எவ்வளவு ஆற்றல் செலவாகிறது என்பதை.

இந்தச் செலவு எங்கிருந்து வருகிறது? செல் சவ்வு என்பது லிப்பிட் மூலக்கூறுகள் இரண்டு அடுக்காக நிற்கும் ஈரடுக்கு. அவற்றின் தலைகள் இரு புறமும் தண்ணீரைப் பார்த்திருக்கும்; நடுவில் கொழுப்பு அமில வால்கள். வால்கள் நிரம்பிய அந்த நடுப்பகுதியின் தடிமன் சுமார் 3 நானோமீட்டர்தான். தன்மையில் அது எண்ணெய். அங்கே தண்ணீரைப் போல மின்னூட்டத்தைச் சூழ்ந்து அணைக்க யாரும் இல்லை, ஹைட்ரஜன் பிணைப்பு போட ஆளும் இல்லை. சவ்வில் ஓட்டை இருக்கிறதா என்பதைவிட, இந்த மெல்லிய எண்ணெயில் கொஞ்ச நேரமாவது கரைந்திருக்க முடியுமா என்பதே கேள்வி. சார்லஸ் எர்னஸ்ட் ஓவர்ட்டன் 1890களில் செல்களை வைத்துச் செய்த சோதனைகளில் கண்டதும் இதுதான்: எண்ணெயில் நன்றாகக் கரையும் பொருள்கள் செல்லுக்குள் வேகமாக நுழைகின்றன.

இப்போது ஆக்சிஜனையும் சோடியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ஆக்சிஜனில் இரண்டும் ஒரே அணு. எலக்ட்ரான்களை ஒன்று தன் பக்கம் இழுக்க முடியாது, எனவே முனைவு இல்லை. தண்ணீரோடு அதற்குப் பெரிய உறவும் இல்லை. 25 டிகிரியில் காற்றோடு உரசிக்கொண்டிருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரில் 8 மில்லிகிராம் அளவுக்கே கரைகிறது. எண்ணெயில் அதைப்போலச் சில மடங்கு கரையும். அதனால் சவ்வின் நடுப்பகுதி அதற்குத் தடுப்பே இல்லை. வெளியே இருப்பதைவிட உள்ளே அது வசதியாகவே இருக்கிறது. எந்தப் புரதமும் உதவத் தேவையில்லை.

சோடியம் நேர் எதிர். தண்ணீர் மூலக்கூறுகள் தங்கள் ஆக்சிஜன் பக்கத்தைத் திருப்பி அதைச் சுற்றிப் பிடித்திருக்கும். மின்னூட்டத்தின் விசையை ஒரு பொருள் எவ்வளவு தணிக்கும் என்று சொல்வது மின்காப்பு மாறிலி. தண்ணீருக்கு அது 80 அளவில், எண்ணெய்க்கு 2 அளவில். இந்த வித்தியாசத்தை வைத்துத் தோராயமாகக் கணக்குப் போட்டால், ஒரு மோல் சோடியம் அயனியைத் தண்ணீரிலிருந்து எண்ணெய்க்குள் தூக்கிவைக்கப் பல பத்துக் கிலோ கலோரி ஆகும். அறை வெப்பத்தின் அசைவு தருவதோ ஒரு மோலுக்கு 0.6 கிலோ கலோரி. அந்தச் சில்லறையை வைத்து இவ்வளவு பெரிய விலை கொடுக்க முடியாது.

சோடியம் தண்ணீர்க் கூட்டத்தோடு சேர்ந்து பெரிதாகிவிடுவதால்தான் புகவில்லை என்று சில குறிப்பேடுகளில் எழுதியிருப்பார்கள். எனக்கு அது அரைகுறை விளக்கமாகவே படுகிறது. வேலினோமைசின் என்ற ஒரு வளைய மூலக்கூறு இருக்கிறது, நிறை சுமார் 1111. அது பொட்டாசியம் அயனியை நடுவில் வைத்து, தன் ஆக்சிஜன்களால் பிடித்துக்கொள்ளும். வெளிப்பக்கத்தை எண்ணெய்த்தன்மையோடு வைத்திருக்கும். இரண்டும் சேர்ந்தால் நிறை சுமார் 1150. தனியாக இருந்தபோது 39 மட்டுமே இருந்த பொட்டாசியம், சுமார் 30 மடங்கு பெருத்த பிறகு சவ்வைக் கடக்கிறது! அளவுதான் தடை என்றால் இது நடக்கவே கூடாது.

எத்தனாலும் குளுக்கோஸும் இன்னும் சுவாரசியமான ஜோடி, ஏனென்றால் இரண்டிலும் மின்னூட்டம் கிடையாது, இரண்டுமே தண்ணீரில் தாராளமாகக் கரையும். எத்தனாலில் ஒரு -OH, அதோடு இரண்டு கார்பன் கொண்ட சிறு எண்ணெய்த் துண்டு. அந்த ஒரு -OH தண்ணீரோடு போட்ட ஹைட்ரஜன் பிணைப்புகளை விட்டால்தான் வால்களுக்கு இடையே போக முடியும். அதற்குச் செலவு உண்டு. ஹைட்ரோகார்பனும் தண்ணீரும் பக்கத்தில் இருந்தால், எத்தனாலின் செறிவு ஹைட்ரோகார்பனில் நூறில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இருக்கும். குறைவாகத் தெரிகிறது, ஆனால் கடக்க வேண்டிய தூரம் 3 நானோமீட்டர்தானே. ஊடுருவும் வேகத்தை, எண்ணெயில் சேரும் பங்கைப் பரவல் எண்ணால் பெருக்கித் தடிமனால் வகுத்துப் பெறலாம். நூறில் ஒன்று, நொடிக்கு 10⁻⁶ சதுர செ.மீ., 3 × 10⁻⁷ செ.மீ. என்று போட்டால் நொடிக்கு 0.03 செ.மீ. வருகிறது. 5 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள ஒரு செல்லில், உள்ளுக்கும் வெளிக்குமான செறிவு வேறுபாடு மூன்றில் ஒரு பங்காகக் குறையச் சுமார் 5 மில்லி நொடி போதும்.

குளுக்கோஸில் ஐந்து -OH, போதாததற்கு வளையத்தில் ஓர் ஆக்சிஜன். இங்கே செலவுகள் கூடும், ஆனால் உள்ளே நுழையும் பங்கு பெருக்கல் கணக்கில் குறையும். ஒவ்வொரு -OH-ம் நூறில் ஒன்று என்ற கணக்கில் குறைத்தாலே ஐந்துக்கும் சேர்த்து ஆயிரம் கோடியில் ஒன்று. புரதம் எதுவும் இல்லாத வெறும் லிப்பிட் சவ்வில் குளுக்கோஸின் ஊடுருவல் நொடிக்கு 10⁻¹⁰ செ.மீ. அளவில் இருக்கிறது. அதே செல்லில் மூன்றில் ஒரு பங்காகச் சுமார் 19 நாள். சோடியத்துக்கு இந்த எண் 10⁻¹² அல்லது அதற்கும் கீழே, அதாவது 5 ஆண்டுக்கு மேல். நம் சிவப்பணுக்களில் குளுக்கோஸ் சட்டென்று நுழைவது GLUT1 என்ற கடத்தும் புரதத்தால். அதில் கொழுப்பு அடுக்குக்குப் பங்கில்லை.

சரி, அளவுக்கு வேலையே இல்லையா? உண்டு, ஆனால் இரண்டாம் இடம். வால்கள் ஓயாமல் அசையும்போது இடையில் சின்னச் சின்ன வெற்றிடங்கள் தோன்றி மறையும். தண்ணீர் நல்ல முனைவுள்ளது, இருந்தும் ஓரளவு கசிகிறது. நிறை 18 என்பதால் அந்தச் சிறு இடங்களுக்குள் அது நுழைய முடிகிறது. முனைவு ஏறக்குறைய ஒத்துப்போகும் இரு பொருள்களுக்கிடையே பெரியது பின்தங்கும். ஆனால் டெஸ்டோஸ்டிரோன் 288 நிறையோடு, குளுக்கோஸைவிடப் பெரியதாக இருந்தும் கடக்கிறது.

இதைக் கண்ணால் பார்க்க +1 செய்முறையில் வரும் ரியோ இலை போதும். அடிப்பக்கத்து ஊதாத் தோலை உரித்து மூன்று கண்ணாடித் தகடுகளில் வையுங்கள். ஒன்றில் 9 சதவீதக் குளுக்கோஸ், ஒன்றில் 1.5 சதவீத உப்பு, ஒன்றில் 2.3 சதவீத எத்தனால். மூன்றிலும் சவ்வூடுபரவல் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றுதான், 12 வளிமண்டல அளவு. முதல் இரண்டில் ஊதா நிறம் செல் சுவரை விட்டு விலகிச் சுருங்கும். எத்தனாலில் அப்படி ஒன்றும் தங்காது, ஏனென்றால் அது உள்ளேயும் வந்து அழுத்தத்தைச் சமன் செய்துவிடுகிறது.

இதில் ஓர் ஏமாற்று உண்டு. எத்தனாலை 30, 40 சதவீதம் என்று ஊற்றினாலும் சுருக்கம் தெரியாது, ஆனால் அது சவ்வு கிழிந்து செல் செத்ததால். ஊதா நிறம் கரைசலுக்குள் கசியும். சந்தேகம் இருந்தால் எத்தனால் தகட்டில் மூடித்தகட்டின் ஒரு ஓரத்தில் குளுக்கோஸ் கரைசலை விட்டு, மறு ஓரத்தில் வடிதாளால் உறிஞ்சுங்கள். கொஞ்ச நேரத்தில் ஊதா சுருங்கினால் சவ்வு நன்றாகவே இருக்கிறது. சுருங்காவிட்டால் எத்தனாலைக் குறைத்துப் புதுத் தோலில் மறுபடி பாருங்கள்.