பால், தயிர், முட்டை: கதவுத்தட்டா, நடுத்தட்டா, ஃப்ரீசருக்குக் கீழா?

நம் வீடுகளில் அதிகம் இருக்கும் ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில் எல்லா இடமும் ஒரே குளிர்ச்சியில் இருக்காது. மேலே ஃப்ரீசரை ஒட்டிய தட்டுதான் அதிகக் குளிர்ச்சி. கதவுத்தட்டு எப்போதும் சூடான பக்கம். திறக்கும்போதெல்லாம் வெளிக்காற்று முதலில் படுவது அங்கேதான்.

அந்தக் குளிர்ந்த இடத்தை யாருக்குக் கொடுப்பது? காய்ச்சிய பாலுக்குத்தான். தயிருக்குப் புளிப்பு காவல், முட்டைக்கு ஓடு காவல். பாலுக்குக் குளிரைத் தவிர வேறு காவல் கிடையாது. காய்ச்சினாலும் சில கிருமிகளின் வித்துகள் தப்பிவிடும்; கரண்டியிலிருந்தும் மூடியிலிருந்தும் புதிதாகவும் சேரும். அதனால் பால் பாத்திரத்தைத் தண்ணீர் நிரம்பிய தட்டில் வைத்து ஆற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் மூடி உள்ளே வைத்துவிட வேண்டும். 4 டிகிரிக்குள் இருந்தால் இரண்டு, மூன்று நாள் தாங்கும். கதவில் வைத்தால் அவ்வளவு நம்ப முடியாது. பழைய பாலோடு புதுப்பாலைக் கலக்கவே கூடாது, பழையதில் இருக்கும் கிருமி மொத்தத்தையும் கெடுத்துவிடும். சந்தேகம் வந்தால் ஒரு கரண்டி பாலை மட்டும் தனியாகக் கொதிக்க வையுங்கள். திரிந்தால் முழுப்பாத்திரமும் போயிற்று என்று அர்த்தம்.

தயிருக்கு நடுத்தட்டு போதும், ஆனால் நேரம் முக்கியம். தோய்ந்த உடனே உள்ளே வைக்க வேண்டும். வெளியே இன்னும் நான்கு மணி நேரம் விட்டால் அந்தப் புளிப்பைத் திரும்ப எடுக்க முடியாது; குளிர் அதை மெதுவாக்கும், நிறுத்தாது. சாதத்துக்குப் போட்டுக்கொள்ள மூன்று, நான்கு நாள் நன்றாக இருக்கும். அப்புறம் மோர்க்குழம்புக்கு வைத்துக்கொள்ளலாம், ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம். மேலே தெளிந்து நிற்கும் நீர் கெட்டதின் அடையாளமில்லை. பச்சை, கருப்பு, இளஞ்சிவப்பு என்று எந்தப் புள்ளி தெரிந்தாலும் வழித்துவிட்டுச் சாப்பிடாமல் முழுவதும் கொட்டிவிடுங்கள். ஃப்ரீசரை ஒட்டி வைத்தால் தயிர் உறைந்து, பிறகு நீர் பிரிந்து திப்பிதிப்பியாகிவிடும்.

முட்டைக்கென்று கதவில் குழித்தட்டு இருப்பதால் அங்கே வைப்பது வழக்கம். குளிர் ஏறி இறங்குவதால் அதைவிட நடுத்தட்டில், மூடிய பெட்டியில் வைப்பது நல்லது. அங்கே மூன்றிலிருந்து ஐந்து வாரம் நிற்கும். கழுவி வைக்கக் கூடாது, ஓட்டின் மேலுள்ள மெல்லிய பூச்சு போய்விடும். ஒருமுறை குளிரில் வைத்ததை வெளியே எடுத்து மணிக்கணக்கில் விட்டால் வேர்த்து, ஈரத்தோடு கிருமி ஓட்டுக்குள் நுழைய வழி கிடைக்கும். தண்ணீரில் மிதக்கிறதா என்று பார்ப்பது வயதைச் சொல்லுமே தவிர, கிருமி உண்டா இல்லையா என்று சொல்லாது. பழைய முட்டையைத் தனிக் கிண்ணத்தில் உடைத்து முகர்ந்து பார்த்து, மஞ்சள் கருவும் இறுகும்வரை வேகவையுங்கள்.

கரண்டு போனால் கதவைத் திறக்காதீர்கள். மூடியே இருந்தால் நான்கு மணி நேரம் குளிர் நிற்கும். அதற்கு மேல் போனால் முதலில் சோதிக்க வேண்டியது பாலைத்தான்.