ஊட்டியா, கோத்தகிரியா? மாதத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்

ஊட்டிக் கூட்டத்துக்கு மாற்று கேட்டால் பலரும் சட்டென்று சொல்லும் பெயர் கோத்தகிரி. பெரும்பாலும் அது சரிதான். ஆனால் "கோத்தகிரி அமைதியாக இருக்கும்" என்பது ஆண்டு முழுவதும் பொருந்தாது. சில மாதங்களில் ஊட்டியை விட அங்கே போவது நல்லது, சில மாதங்களில் இரண்டுமே வேண்டாம். எந்த மாதம், எந்தச் சாலை, யார் கூட வருகிறார்கள் என்பதை வைத்துத்தான் இதைத் தீர்மானிக்க வேண்டும்.

முதலில் உயரம். ஊட்டி சுமார் 2,240 மீட்டரில் இருக்கிறது, கோத்தகிரி சுமார் 1,790 மீட்டரில். 100 மீட்டர் இறங்கினால் ஏறக்குறைய 0.6 டிகிரி வெப்பம் கூடும் என்று வைத்தால், கோத்தகிரி ஊட்டியை விட மூன்று டிகிரி போல வெதுவெதுப்பாக இருக்கும். சின்ன வித்தியாசமாகத் தெரியலாம். டிசம்பர், ஜனவரியில் ஊட்டிப் புல்வெளியில் உறைபனி படியும்போது, வயதானவர்களையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு வருபவருக்கு அந்த மூன்று டிகிரி பெரிய விஷயம். உறைபனியைப் பார்க்கவே வருகிறேன் என்பவர் ஊட்டிக்குத்தான் போக வேண்டும்.

அடுத்தது மழை. பலர் கோட்டை விடும் இடம் இது. தென்மேற்குப் பருவமழை மேற்கிலிருந்து ஏறி வரும்போது கூடலூர் பக்கம் கொட்டித் தீர்க்கிறது, ஊட்டியையும் நனைக்கிறது. கோத்தகிரி தொட்டபெட்டா மலைத்தொடருக்குக் கிழக்கே இருப்பதால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அங்கே ஊட்டி அளவுக்கு மழை கிடையாது. மே மாதக் கூட்டமும் இறங்கியிருக்கும். கோத்தகிரி தெளிவாக முந்துவது இந்த மாதங்களில்தான். அக்டோபர் பாதியில் கணக்கு தலைகீழாகிவிடும். வடகிழக்குப் பருவமழை கிழக்குச் சரிவில்தான் நேரடியாக மோதும். 2009 நவம்பரில் நீலகிரியில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்த மண்சரிவுகளில் கோத்தகிரி, குன்னூர் பகுதிகள் கடுமையாக அடிபட்டன. அதனால் நவம்பரில் "ஊட்டி வேண்டாம், கோத்தகிரி போகலாம்" என்பது தவறான மாற்று. அந்த மாதத்தில் போயே ஆக வேண்டுமென்றால் வானிலை எச்சரிக்கையைப் பார்த்துவிட்டு, திரும்பும் நாளை ஒரு நாள் தள்ளிப்போட இடம் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி மே மாதம். கோடை நெரிசலில் காவல்துறை வழக்கமாக ஒருவழிப் பாதை அறிவிக்கும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் வண்டிகள் குன்னூர் வழியாகவும், ஊட்டியிலிருந்து இறங்கும் வண்டிகள் கோத்தகிரி வழியாகவும் போக வேண்டும். அதாவது ஊட்டியை முடித்துவிட்டு இறங்கும் கூட்டம் முழுவதும் கோத்தகிரிக் கடைத்தெருவைக் கடந்துதான் போகும். மாலையில் பேருந்து நிலையத்தைச் சுற்றி வண்டிகள் ஊர்ந்துகொண்டிருக்கும். போதாக்குறைக்குக் கோத்தகிரி நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சியும் மே மாதத்தில்தான் வழக்கமாக நடக்கும். ஒருவழி நடப்பில் இருந்தால், மேட்டுப்பாளையத்திலிருந்து நேரே 33 கிலோமீட்டரில் வரவேண்டிய கோத்தகிரிக்கு, குன்னூர் சுற்றி 55 கிலோமீட்டர் போல ஓட்ட வேண்டிவரலாம். அறை பதிவு செய்த விடுதியிடம் முந்தின நாளே "எந்த வழியாக விடுகிறார்கள்?" என்று கேட்டுவிடுவது நல்லது.

இ-பாஸ் பற்றியும் ஒரு தவறான எண்ணம் உலவுகிறது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் வந்த அந்த அனுமதி ஊட்டி நகருக்கு மட்டுமல்ல, நீலகிரி மாவட்டம் முழுமைக்கும். 2025 கோடைக்கு நாளொன்றுக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று உச்சவரம்பும் வைத்தார்கள். எனவே "நான் கோத்தகிரிதானே போகிறேன்" என்று இ-பாஸ் எடுக்காமல் வந்தால் மேட்டுப்பாளையம்–கோத்தகிரி சாலையிலுள்ள குஞ்சப்பனை சோதனைச் சாவடியில் நிற்க நேரிடும். epass.tnega.org தளத்தில் வண்டி எண்ணையும் பயண நாள்களையும் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். விதிகளும் உச்சவரம்பும் பருவத்துக்குப் பருவம் மாறுகின்றன. கிளம்பும் வாரத்தில் ஒருமுறை சரிபாருங்கள். அரசுப் பேருந்தில் வந்தால் இந்தத் தலைவலியே இல்லை. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் தடையும் மாவட்டம் முழுவதும் உண்டு, எஃகுப் பாட்டில் கொண்டுவாருங்கள்.

கோத்தகிரியில் இல்லாதவற்றையும் சொல்லிவிட வேண்டும். மலை ரயில் அங்கே போகாது, அது மேட்டுப்பாளையம், குன்னூர், ஊட்டி வழித்தடம். படகு விடும் ஏரியும் இல்லை, தாவரவியல் பூங்காவும் இல்லை. முதல்முறை நீலகிரி பார்க்கும் குழந்தைகளுக்கு ரயிலும் படகும்தான் மலை என்றால், கோத்தகிரியில் இரண்டாம் நாளே "வேற என்னப்பா இருக்கு?" என்ற கேள்வி வரும். அவர்களுக்கு வார நடுவில் ஊட்டியே சரி.

கோத்தகிரியில் இருப்பது வேறு வகை. ஊருக்கு அருகிலேயே லாங்வுட் சோலை இருக்கிறது, 116 ஹெக்டேர் பரப்புள்ள சோலைக்காடு. 2024-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்டது. பறவை பார்க்கிறவருக்கு ஒரு காலைப்பொழுது அங்கேயே போய்விடும். கன்னேரிமுக்கில், ஊட்டியை உருவாக்கிய ஆங்கிலேயக் கலெக்டர் ஜான் சல்லிவன் தங்கிய பங்களா நினைவகமாக இருக்கிறது. கொடநாடு காட்சிமுனை 18 கிலோமீட்டர் தொலைவு. கீழே மோயாற்றுப் பள்ளத்தாக்கும் தெங்குமரஹாடா கிராமமும் தெரியும். அங்கே மதியத்துக்கு மேல் போகிறவர்கள் வெள்ளை மூட்டத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவது அடிக்கடி நடக்கிறது. பள்ளத்தாக்கு சூடேறியதும் ஈரக்காற்று சரிவில் ஏறி விளிம்பில் பனிமூட்டமாகிவிடும். ஒன்பது மணிக்குள் போய்ச் சேருங்கள்.

ஜூலையில் கோவையிலிருந்து சொந்தக் காரில், செவ்வாய் முதல் வியாழன் வரை இரண்டு இரவு என்று வைத்துக்கொள்வோம். செவ்வாய் வெளிச்சம் வந்த பிறகு மேட்டுப்பாளையத்தைத் தாண்டுங்கள். குஞ்சப்பனைச் சரிவில் பலாப்பழக் காலத்தில் யானைகள் சாலைக்கே வரும், இருட்டில் அந்த வளைவுகள் வேண்டாம். அன்றைக்குச் சல்லிவன் பங்களாவும் ஊர்ச் சுற்றலும் போதும். புதன் அதிகாலை கொடநாடு, மதியத்துக்கு மேல் ஓய்வு. மாலை மங்கிய பிறகு தேயிலைத் தோட்டத்துக்குள் நடக்காதீர்கள், கரடியும் காட்டெருமையும் உலவும் இடம் அது. ஊட்டியைப் பார்க்காமல் மனம் ஆறாது என்றால் வியாழன் காலை ஏழு மணிக்கே கட்டபெட்டு வழியாகக் கிளம்பினால் சுமார் 30 கிலோமீட்டர். தாவரவியல் பூங்காவைப் பார்த்துவிட்டு, வெளியூர்ப் பேருந்துகள் குவியும் முன் பதினொரு மணிக்குள் ஊரை விட்டு இறங்கிவிடலாம்.

இறங்கும்போது எந்தச் சாலையானாலும் ஏறிய கியரிலேயே, இரண்டாவதில், இறங்குங்கள். பிரேக்கை மட்டும் நம்பினால் பாதி வழியில் கருகல் வாடை வரும், மிதி தொளதொளக்கும். அப்படி ஆனால் அகலமான இடமாகப் பார்த்து ஓரங்கட்டி, அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள். சூடான சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள், பிரேக் தட்டு நெளிந்துவிடும்.