ஒன்பது வோல்ட்டைத் தொடாத மின்தேக்கி: மூன்று அளவீட்டு வழிகளின் ஒப்பீடு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில், சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து வரும் ஆறாம் படிவ மாணவர்களுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். மின்தேக்கி மின்னேற்றம் அடையும் பாடத்தில் ஆண்டுதோறும் ஒரே சோதனையைச் செய்கிறோம். நிலையான 9.00 வோல்ட் தரும் மின்வழங்கி, 100 கிலோஓம் மின்தடை, 470 மைக்ரோஃபாரட் மின்தேக்கி, ஒரு மல்டிமீட்டர், கைப்பேசியின் நிறுத்தக் கடிகாரம் ஆகியவை போதும். மின்தேக்கி மட்டும் பழைய வானொலிப் பெட்டியிலிருந்து கழற்றியது. இந்த அலசலுக்குக் காரணமும் அதுதான்.

பாடநூல் தரும் சமன்பாடு இது:

```
V(t) = Vs (1 − e^(−t/τ)),   τ = RC
```

காலம் முடிவிலியை நோக்கிச் செல்லும்போது அடுக்குக்குறி உறுப்பு பூச்சியத்தை நெருங்குகிறது. அதனால் மின்தேக்கியின் மின்னழுத்தம் வழங்கு மின்னழுத்தமான Vs-ஐ நெருங்குகிறது, ஆனால் எந்த முடிவுள்ள நேரத்திலும் அதைத் தொடுவதில்லை. மின்தேக்கியில் அழுத்தம் கூடக்கூட மின்தடைக்குக் குறுக்கே மிஞ்சும் அழுத்தம் குறைகிறது. அது குறைவதால் மின்னோட்டமும் குறைந்து, நிரம்பும் வேகம் எஞ்சிய இடைவெளிக்கு நேர்விகிதத்தில் தளர்கிறது. ரப்பர் மரம் சீவிய பின் மங்கில் சொட்டும் பாலும் இப்படித்தான் தளர்கிறது என்று ஒரு மாணவி சொன்னார். ஒப்புமை பாதிவரை சரி. பால் உறைந்து சீவிய வெட்டை அடைப்பதால் சொட்டு உண்மையிலேயே நின்றுவிடும். மின்தேக்கியில் அப்படி நிறுத்துவதற்கு எதுவும் இல்லை.

கால மாறிலியான τ-ஐயும் இறுதி மின்னழுத்தத்தையும் கண்டறிய மூன்று வழிகள் வகுப்பில் போட்டியிடுகின்றன. முதலாவது, 63.2 விழுக்காட்டு வழி: 9 வோல்ட்டில் 63.2 விழுக்காடு 5.69 வோல்ட், மீட்டர் அதைக் காட்டும் நேரமே τ. இரண்டாவது, மடக்கை வரைபடம்: ln(Vs/(Vs − V)) மதிப்பை நேரத்திற்கு எதிராக வரைந்து, நேர்கோட்டின் சாய்விலிருந்து τ-ஐப் பெறுவது. மூன்றாவது, சம இடைவெளியில் மூன்று அளவீடுகளை எடுத்து இறுதி மதிப்பைக் கணக்கிடுவது. முதலிரண்டும் இறுதி மதிப்பு Vs என்று முன்கூட்டியே எடுத்துக்கொள்கின்றன, மூன்றாவது எடுத்துக்கொள்வதில்லை. அளவீடுகள் அனைத்தும் மீட்டரை மின்தேக்கியின் முனைகளில் இணைத்தபடியே எடுக்கப்பட்டவை.

முதல் வழியில் எங்களுக்குக் கிடைத்தது 46.6 விநாடி. மின்தேக்கியின் மேல் எழுதியிருக்கும் அளவின்படி 100 கிலோஓம் × 470 மைக்ரோஃபாரட் = 47 விநாடி. மாணவர்கள் மகிழ்ந்து குறிப்பேட்டை மூடப் பார்த்தார்கள். நான்தான் மூடவிடவில்லை, ஏனெனில் மீட்டர் நான்கு நிமிடம் கழித்தும் 8.57 வோல்ட்டைத்தான் காட்டிக்கொண்டிருந்தது. சமன்பாட்டின்படி 240 விநாடியில், அதாவது ஐந்து கால மாறிலிகளுக்கும் மேல் கடந்த நிலையில், 8.94 வோல்ட்டாவது இருந்திருக்க வேண்டும்.

மடக்கை வழி இந்தப் பிழையைக் காட்டிக்கொடுக்கும், ஆனால் பொறுமையாகக் கடைசிவரை வரைபவருக்கு மட்டுமே. 30, 60, 90 விநாடிகளில் அளவீடுகள் 4.32, 6.47, 7.54 வோல்ட். இவற்றை ஒவ்வொன்றாக மடக்கையில் இட்டால் τ முறையே 45.9, 47.3, 49.5 விநாடி என வருகிறது. முதல் இரண்டு புள்ளிகளோடு நின்றுகொண்டவர் 47-ஐக் கண்டு மீண்டும் திருப்தி அடைவார். ஆனால் 240 விநாடிப் புள்ளி 79 விநாடி என்கிறது. கோடு வலப்பக்கம் போகப்போகச் சாய்வு குறைந்து வளைகிறது. இப்படி வளைந்தால், நாம் சூத்திரத்தில் இட்ட இறுதி மதிப்பு உண்மையான இறுதி மதிப்பைவிடப் பெரியது என்று பொருள். மேல்நோக்கி வளைந்தால் அதற்கு எதிர்மாறு.

மூன்றாவது வழியின் அடிப்படை எளிது. சம இடைவெளி T-இல் எடுத்த அளவீடுகளின் அடுத்தடுத்த உயர்வுகள் ஒரே விகிதத்தில் சுருங்குகின்றன; எனவே இனி வரவிருக்கும் உயர்வுகள் அனைத்தையும் பெருக்குத் தொடராகக் கூட்டிவிடலாம்:

```
r  = (V3 − V2)/(V2 − V1)
V∞ = V3 + (V3 − V2)·r/(1 − r)
τ  = T / ln(1/r)
```

எங்கள் எண்களில் உயர்வுகள் 2.15, 1.07, விகிதம் 0.498. எஞ்சிய உயர்வு 1.06, ஆகவே இறுதி மதிப்பு 8.60 வோல்ட், τ 43 விநாடி. ஒன்றரை நிமிடத்தில் எடுத்த மூன்று அளவீடுகள் முடிவிலியில் என்ன நடக்கும் என்பதைச் சொல்லிவிட்டன, அந்த முடிவு 9 வோல்ட் அன்று. இவ்வழிக்கு இன்னொரு சலுகையும் உண்டு: மின்தேக்கியில் முன்பே கொஞ்சம் மின்னூட்டம் தங்கியிருந்தாலும், கடிகாரத்தை அரை விநாடி தாமதமாக அழுத்தியிருந்தாலும் விடை மாறாது. 63.2 விழுக்காட்டு வழியில் அந்தப் பிழை அப்படியே விடைக்குள் ஏறும். மடக்கை வழியிலும் புள்ளிகளை ஒவ்வொன்றாக இட்டுக் கணக்கிட்டால் ஏறும், கோட்டின் சாய்வை மட்டும் எடுத்தால் ஏறாது.

மூன்றாவது வழியின் பலவீனம் இடைவெளியைத் தேர்வதில் இருக்கிறது. அவசரப்பட்ட ஒரு மாணவர் 5, 10, 15 விநாடிகளில் எடுத்தார்: 0.94, 1.78, 2.53. இறுதி மதிப்பு 8.78 என வந்தது. நடு எண் 1.79 ஆக இருந்திருந்தால் அதே கணக்கு 7.51 என்று சொல்லியிருக்கும். நூறில் ஒரு வோல்ட் பிழை ஒரு வோல்ட்டுக்கும் மேலாகப் பெருகிவிடுகிறது. 30 விநாடி இடைவெளியில் அதே பிழை விடையை 0.04 வோல்ட் மட்டுமே அசைக்கிறது. இடைவெளி எதிர்பார்க்கும் τ-இல் பாதிக்குக் குறையாமல் இருப்பது நல்லது. மீட்டரும் கடிகாரமும் ஒரே சட்டகத்தில் விழும்படி கைப்பேசியில் காணொளி எடுத்து, பிறகு நிறுத்தி நிறுத்திப் படிப்பது கண்ணால் எட்டிப் பிடிப்பதைவிட மேல், ஏனெனில் 30ஆம் விநாடியில் அழுத்தம் விநாடிக்குச் சுமார் 0.1 வோல்ட் ஏறிக்கொண்டிருக்கிறது.

அந்த 0.40 வோல்ட் எங்கே போயிற்று? மின்தடையில் 0.40 வோல்ட் நிலையாக இருந்தால், அதன் வழியே 4 மைக்ரோஆம்பியர் ஓயாமல் ஓடுகிறது. எங்கள் மீட்டரின் உள்தடை 10 மெகாஓம், 8.60 வோல்ட்டில் அது 0.86 மைக்ரோஆம்பியரை எடுத்துக்கொள்கிறது. மீட்டர் மட்டுமே குற்றவாளி என்றால் இறுதி மதிப்பு 8.91 வோல்ட்டாக இருந்திருக்கும். மீதி ஏறக்குறைய 3.1 மைக்ரோஆம்பியர் மின்தேக்கிக்குள்ளேயே கசிகிறது. கசிவுப் பாதையும் மீட்டரும் மின்தடையோடு பக்க இணைப்பாகக் கணக்கில் வருவதால் பயனுறு தடை 95.6 கிலோஓமாகக் குறைகிறது. 43 விநாடியை அதனால் வகுத்தால் கொண்மம் 450 மைக்ரோஃபாரட். இது போன்ற மின்னாற்பகுப்பு மின்தேக்கிகளுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் 20 விழுக்காட்டுப் பொறுதிக்குள் இது அடங்குகிறது. முதல் வழி 466 என்று சொல்லியிருக்கும், அதுவும் எழுதியிருக்கும் அளவுக்கு நெருக்கமாகவே.

மூன்றாம் வழியும் குறையற்றதன்று. மின்னாற்பகுப்பு மின்தேக்கியின் கசிவு அழுத்தத்தோடு நேர்விகிதமாக நடப்பதில்லை. நெடுநாள் சும்மா கிடந்த மின்தேக்கியில் அழுத்தம் நிலைத்திருக்கும்போது ஆக்சைடு படலம் தன்னைச் சீராக்கிக்கொள்ள, கசிவு மெல்லக் குறைந்து இறுதி மதிப்பே மேலே நகரும். ஆகவே 30, 60, 90-இல் கிடைத்த விடையை 60, 90, 120-இலும் சரிபார்க்கிறோம். இரண்டும் ஒத்துப்போனால் மட்டுமே எழுதுகிறோம்.

புதிய, கசிவு குறைந்த மின்தேக்கி கிடைத்தால் நேரம் மிச்சப்படுத்த 63.2 விழுக்காட்டு வழியையே தருவேன். பழையதென்றால் மூன்றாம் வழி, அதன்பின் அது தந்த V∞-ஐ வைத்து மடக்கை வரைபடம். எங்கள் பழைய மின்தேக்கிக்கு 8.60-ஐ இட்டு வரைந்தபோது 30 முதல் 180 விநாடி வரை புள்ளிகள் ஒரே கோட்டில் விழுந்தன. கடைசியாக மீட்டரை மின்தேக்கியிலிருந்து எடுத்து மின்தடைக்குக் குறுக்கே வைத்தோம். பூச்சியத்தை நோக்கி இறங்கி வந்த எண் 0.31 வோல்ட்டில் நின்றுவிட்டது.